ஆறிய சோற்றின் கணக்கு

நுழையும்முன்

வடித்த சோற்றை ஆறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே ஆறிய சோறும் ஆறிய உருளைக்கிழங்கும் இரத்தச் சர்க்கரையை அவ்வளவாக உயர்த்துவதில்லை என்று சொல்லப்படுகிறது. இக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது? எடைத்தட்டையும் எளிய பெருக்கலையும் துணைக்கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

கடற்கரையின் காலை உணவு

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் விடியலுக்கு முன்பே கடலுக்குப் புறப்படுகின்ற நாட்டுப்படகுக்காரர்களின் காலை உணவு பெரும்பாலும் முதல்நாள் இரவே ஆயத்தமாகிவிடும். இரவு உண்டது போக எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மூடிவைப்பார்கள். காலையில் அந்த நீராகாரத்தைப் பருகி, சோற்றைப் பிசைந்து, சுட்ட கருவாட்டுத் துண்டையோ சிறிய வெங்காயத்தையோ கடித்துக்கொண்டு உண்பார்கள். உள்நாட்டில் திருவாடானைப் பக்கம் மழையை நம்பி விளையும் சித்திரைக்கார் என்னும் சிவப்பரிசியும் ஒரு காலத்தில் இவ்வாறே மண்பானைகளில் இரவைக் கழித்தது.

இக்கடற்கரையில் வளர்ந்த எனக்குப் பழையசோற்றின் மீது பற்று உண்டு. அந்தப் பற்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதனைக் கட்டுக்குள் வைத்து எழுதவேண்டும் என்ற எச்சரிக்கையையும் அதுவே தந்தது. ஏனெனில், இன்று பழையசோறு சுவைக்காக மட்டும் பேசப்படவில்லை. சர்க்கரை நோயாளிகள் அச்சமின்றி உண்ணக்கூடிய சோறு என்று அதற்கு ஒரு புதுப்பெயர் கிடைத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் காட்டுகிறது. ஏழு பேருக்கு ஒருவர் என்னும் இந்நிலையில், சோற்றைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை ஒரு வீட்டின் அடுக்களையோடு நின்றுவிடாது.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த செய்தி

தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அந்த இலங்கையிலிருந்துதான் ஆறிய சோற்றின் புகழ் உலகெங்கும் பரவியது. கொழும்பிலுள்ள வேதி அறிவியல் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், தம் வழிகாட்டியான புஷ்பராஜா தவராஜாவுடன் இலங்கையின் 38 அரிசி வகைகளை ஆராய்ந்தார். கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய் விட்டு, அரைக் கோப்பை அரிசியைப் போட்டு வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது அவர்கள் கையாண்ட முறை. பலவற்றுள் எதிர்ப்பு மாவுச்சத்து மிகக் குறைவாக இருந்த ஓர் அரிசியில், இம்முறையால் அது பத்து மடங்கு உயர்ந்தது என்றும், தகுந்த அரிசியைத் தேர்ந்தெடுத்தால் சோற்றின் கலோரி 50 முதல் 60 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் டென்வர் மாநாட்டில் அறிவித்தனர்.

‘குறையக்கூடும்’ என்ற சொல் செய்தித்தாள்களைச் சேர்வதற்குள் ‘குறையும்’ என்றாகிவிட்டது. கலோரி பாதியானால் சர்க்கரையும் பாதியாகத்தானே ஏறும் என்ற முடிவுக்குப் படித்தவர்கள் தாமே வந்துவிட்டார்கள். அந்த மாநாட்டு அறிவிப்பு ஆய்வுக்கூடத்தில் சோற்றை அளந்த கணக்கு. அதனை உண்டவரின் குருதியை அளந்த கணக்கு அன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, சோற்றுப் பருக்கைக்குள் நடப்பதை முதலில் காண்போம்.

பருக்கைக்குள் நடப்பது

அரிசியின் மாவுச்சத்து, குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலியாகும். அச்சங்கிலி இரு வடிவங்களில் உள்ளது. கிளைகள் இல்லாமல் பெரும்பாலும் நேராகச் செல்வது அமைலோஸ். மரம்போலக் கிளைத்துப் பரவுவது அமைலோபெக்டின். பச்சை அரிசியில் இவ்விரண்டும் இறுக்கமாக அடுக்கப்பட்ட நுண்மணிகளாக இருக்கின்றன. நீரில் இட்டுச் சூடேற்றும்போது, ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அந்த அடுக்கு குலைந்து நீரை உறிஞ்சி வீங்குகிறது. இதனைக் கூழாதல் என்பர். கூழான மாவுச்சத்தின் சங்கிலிகள் தளர்ந்து கிடப்பதால், நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி அவற்றை எளிதில் துண்டாக்குகிறது. சூடான சோறு விரைவில் சர்க்கரையாவதற்கு இதுவே காரணம்.

சோறு ஆறும்போது இச்செயல் ஓரளவு திரும்ப நடக்கிறது. தளர்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி, இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு படிகமாகின்றன. இதற்கு மீள்படிகமாதல் என்று பெயர். நேற்றைய சோற்றுப் பருக்கை விறைத்திருப்பதும், நேற்றைய இட்லி கையில் உதிர்வதும் இதன் வெளிப்பாடுகளே. இந்த முறுக்கின் உள்ளே நொதியால் நுழைய முடிவதில்லை. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலை அடையும் இத்தகைய மாவுச்சத்தே எதிர்ப்பு மாவுச்சத்து ஆகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச்செய்து பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அவை உணவாகின்றன.

மீள்படிகமாவதில் அமைலோஸ் விரைவுடையது. சில மணி நேரத்தில் படிகமாகிவிடும். அமைலோபெக்டினுக்கு நாட்கள் வேண்டும். உறுதியிலும் இவை வேறுபடுகின்றன. ஆறிய சோற்றை மீண்டும் சூடாக்கினால், அமைலோபெக்டின் படிகம் 50, 60 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அமைலோஸ் படிகத்தை உருக்க 120 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை. கொதிநீராலும் அதனைக் கலைக்க இயலாது. எனவே, ‘சூடாக்கினால் எல்லாம் பாழ்’ என்பதும் ‘சூடாக்கினாலும் ஒன்றும் ஆகாது’ என்பதும் பாதி உண்மைகளே. அமைலோஸ் மிகுந்த அரிசியின் சோறு உதிரியாக நிற்கும். ஆறினால் மிகுதியாக விறைக்கும். அமைலோஸ் குறைந்த, குழைந்து ஒட்டும் இயல்புள்ள அரிசியை எத்தனை மணி நேரம் குளிரவைத்தாலும் பெரிய மாற்றம் நேராது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்துவதால் உண்டாகும் புழுங்கலரிசியில், சமையலுக்கு முன்பே ஒருமுறை கூழாதலும் மீள்படிகமாதலும் நிகழ்ந்துவிடுகின்றன.

> தெரிந்து தெளிவோம்
> 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உணவின் நார்ப்பொருளை அளந்துகொண்டிருந்த ஆன்ஸ் எங்லிஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், மாவுச்சத்து முழுவதையும் நொதியால் நீக்கிய பின்னும் சிறிதளவு எஞ்சிநிற்பதைக் கண்டனர். நொதியை எதிர்த்து நின்ற அப்பகுதிக்கு அவர்கள் இட்ட பெயரே எதிர்ப்பு மாவுச்சத்து. நார்ப்பொருளை அளப்பதற்கு இடையூறாக இருந்த ஒன்றே பின்னர்த் தனி ஆய்வுப்பொருளாயிற்று.

ஒரு தட்டுச் சோற்றின் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். இந்தோனேசியாவில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மிகவும் பயன்படும். அவ்வாய்வாளர்கள் வெள்ளரிசிச் சோற்றை மூன்று நிலைகளில் அளந்தனர். அப்போதே வடித்த 100 கிராம் சோற்றில் எதிர்ப்பு மாவுச்சத்து 0.64 கிராம் இருந்தது. அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறிய சோற்றில் அது 1.30 கிராம். குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் பின் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம்.

‘இரண்டரை மடங்கு உயர்வு’ என்று இதனைச் சொல்லலாம்; அது பொய்யன்று. ஆயினும் மடங்கைக் கேட்கும்போதெல்லாம் ‘எதனின் மடங்கு?’ என்று கேட்பது நல்லது. ஒருவர் ஒருவேளைக்கு 250 கிராம் சோறு உண்பதாகக் கொள்வோம். நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே தட்டில் இருப்பது 70 கிராம். சுடுசோறாயின் இதில் 1.6 கிராம் செரிக்காமல் போகும். குளிரவைத்துச் சூடாக்கிய சோறாயின் 4.1 கிராம். வேறுபாடு இரண்டரை கிராம். எழுபதில் இரண்டரை! சோற்றின் எடையில் சொன்னால், அது 9 கிராம் சோற்றுக்குச் சமம். ஒரு சிறு கவளத்தைக்கூட எட்டாது.

இதே அளவுகோலால் இலங்கைச் செய்தியையும் அளந்து பார்க்கலாம். 0.64 கிராம் பத்து மடங்கு உயர்ந்தால் 6.4 கிராம் ஆகும். நூறு கிராம் சோற்றின் 28 கிராம் மாவுச்சத்தில் அது கால்பங்குக்கும் சற்றுக் குறைவு. கலோரி பாதியாக வேண்டுமானால் 14 கிராமேனும் முற்றிலும் பயனற்றுப் போகவேண்டும். எதிர்ப்பு மாவுச்சத்தோ முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. பெருங்குடலில் நொதித்து, கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரியை உடலுக்குத் தருகிறது. செரிக்கும் மாவுச்சத்து தருவது 4 கலோரி. எனவே கூடுதலாக மாறிய 5.8 கிராமால் மிச்சமாவது 12 கலோரிக்கும் குறைவே. மறுபுறம், சேர்த்த ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஏறத்தாழ 40 கலோரி. அரைக் கோப்பை அரிசி வெந்து 300 கிராம் சோறானால், நூறு கிராமுக்கு 13 கலோரி கூடுகிறது. குறைத்ததை எண்ணெயே ஈடுசெய்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த மாணவர் கண்ட உயர்வை இக்கணக்கு மறுக்கவில்லை. ‘பாதிக் கலோரி’ என்ற முடிவுக்கு அவ்வுயர்வு மட்டும் போதாது என்பதையே காட்டுகிறது.

குருதி சொல்லும் செய்தி

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நாமும் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். இந்தோனேசிய ஆய்வாளர்கள் சோற்றை அளந்ததோடு நிற்கவில்லை. நோயற்ற 15 பேருக்கு ஒருநாள் சுடுசோற்றையும் வேறொரு நாள் குளிரவைத்துச் சூடாக்கிய சோற்றையும் கொடுத்து, உண்டபின் குருதியில் சர்க்கரை ஏறி இறங்கிய பரப்பைக் கணக்கிட்டனர். சுடுசோற்றுக்கு அப்பரப்பு 152 அலகு. குளிரவைத்த சோற்றுக்கு 125 அலகு. குறைவு ஏறத்தாழ 18 விழுக்காடு.

மாவுச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்குகூட மாறாதபோது, சர்க்கரையின் ஏற்றம் எவ்வாறு 18 பங்கு குறைந்தது? இவ்வினாவே இப்பொருளின் நடு முடிச்சு. எதிர்ப்பு மாவுச்சத்தை அளக்கும் பொதுவான முறையில், சோற்றை நொதிகளோடு சேர்த்து 37 டிகிரி வெப்பத்தில் 16 மணி நேரம் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதன்பின்னும் கரையாமல் நிற்பதையே எதிர்ப்பு மாவுச்சத்து என எடைபோடுவார்கள். முதல் அரைமணியில் கரைந்ததும் ஐந்தாம் மணியில் கரைந்ததும் அந்த எடையில் சேர்வதில்லை. உடலுக்கோ அவ்வேறுபாடு பெரிது. ஆறிய சோற்றில் முற்றிலும் செரிக்காத பகுதி சிறிது. செரிமானத்தைத் தாமதப்படுத்தும் விறைத்த பகுதி அதனைவிடப் பெரிது. குடத்து நீர் முழுவதும் வெளியேறத்தான் போகிறது. துளையின் அளவுதான் சுருங்கியிருக்கிறது. சர்க்கரையின் மொத்த வரவு ஏறத்தாழ அதேயாயினும், அது வரும் விரைவு குறைவதால் உச்சம் தாழ்கிறது.

எனவே ‘ஆறிய சோறு சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கிறதா?’ என்னும் வினாவுக்கு, ‘ஓரளவு குறைக்கிறது’ என்பதே இவ்வாய்வு தரும் விடை. அந்த விடையின் எல்லையையும் காணவேண்டும். பங்கேற்றவர் 15 பேர். தனித்தனி அளவுகள் சராசரியைச் சுற்றி ஏறத்தாழ 50 அலகு சிதறிக் கிடந்தன. சராசரிகளின் வேறுபாடோ 27 அலகு மட்டுமே. சராசரி தாழ்ந்தது என்பதிலிருந்து ஒவ்வொருவருக்கும் அதே அளவு தாழும் என்று கொள்ள இயலாது.

2022இல் வெளியான போலந்து நாட்டு ஆய்வொன்று நோயாளிகளிடமே நடந்தது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள, இன்சுலின் செலுத்திக்கொள்ளும் 32 பேர் அதில் பங்கேற்றனர். ஒரே அளவு சோறு. ஒரே அளவு இன்சுலின். சுடுசோறு உண்டபோது சர்க்கரையின் உச்சம் சராசரியாக 198 மில்லிகிராம். 24 மணி நேரம் குளிரவைத்துச் சூடாக்கிய சோற்றுக்கு 178 மில்லிகிராம். இருபது குறைந்தது நற்செய்தியே. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு. சுடுசோறு உண்டபின் 3 பேருக்குச் சர்க்கரை தாழ்நிலைக்கு இறங்கியது. குளிரவைத்த சோறு உண்டபின் அவ்வாறு இறங்கியது 12 பேருக்கு. இன்சுலின் தன் வழக்கமான நேரத்தில் வேலைசெய்ய, சோற்றின் சர்க்கரை பின்தங்கி வந்ததே இதற்குக் காரணமாகலாம். தாழ்சர்க்கரை கைகால் நடுக்கம், வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் கொண்டுபோய் விடும். நடுக்கடலில் படகின் விளிம்பில் நின்று வலையிழுப்பவருக்கு அது நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் உணவு முறையை மாற்றக்கூடாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உருளைக்கிழங்கும் அவ்வாறே

இராமநாதபுரத்துச் சந்தைக்கு உருளைக்கிழங்கு மலையிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறது. பச்சை உருளைக்கிழங்கின் மாவுச்சத்து நொதியைப் பெரிதும் எதிர்ப்பது. வேகவைத்த உடனே அவ்வெதிர்ப்பில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆறும்போது சிறிது திரும்புகிறது. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, 100 கிராம் கிழங்கில் எதிர்ப்பு மாவுச்சத்து சூடாக இருக்கையில் 3.1 கிராம், குளிரவைத்தபின் 4.3 கிராம், மீண்டும் சூடாக்கியபின் 3.5 கிராம் என அளந்தது. கிழங்கு பெற்றதில் பாதிக்கு மேல் அடுப்பிலேயே இழந்துவிடுகிறது என்பதை நோக்குக. குளிரவைத்த கிழங்கில் புளிக்காடி சேர்த்துக் குளிர்ந்தபடியே உண்ணச்செய்த சுவீடன் ஆய்வில், சர்க்கரைக் குறியீடு 43 விழுக்காடு தாழ்ந்தது. அதில் குளிர்ச்சியின் பங்கோடு புளிப்பின் பங்கும் உண்டு. அமிலம் இரைப்பை காலியாகும் விரைவைக் குறைக்கிறது. நம் வீட்டு உருளைக்கிழங்குப் பொரியலும் மசாலாவும் சூடாக உண்ணப்படுவன. ஆதலால் குளிர்ந்த கிழங்கைப் பற்றிய எண்களை அவற்றுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று.

பானைச் சோறும் பெட்டிச் சோறும்

இவ்வெண்களைப் பழையசோற்றோடு ஒப்பிடும் இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். குருதியில் அளக்கப்பட்ட சோறு, இரு ஆய்வுகளிலும், 4 டிகிரியில் ஒருநாள் முழுவதும் இருந்த பெட்டிச் சோறு. மீள்படிகமாதல் மிக விரைந்து நிகழும் வெப்பநிலையும் அதுவே. பாம்பனின் இரவோ ஆண்டின் பெரும்பகுதியில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மண்பானை தன் சுவர்வழியே நீரைக் கசியவிட்டுக் குளிரும். ஆனால் ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் அந்நீர் மெதுவாகவே ஆவியாகும். உள்நாட்டுப் பானையைப்போலக் கடற்கரைப் பானை குளிர்வதில்லை. எனவே பழையசோறு, மேற்கண்ட மூன்று நிலைகளுள் ‘அறை வெப்பத்தில் 10 மணி நேரம்’ என்னும் இரண்டாம் நிலைக்கே நெருக்கமானது. அந்நிலையின் எதிர்ப்பு மாவுச்சத்து அளக்கப்பட்டது. அதனை உண்டவர்களின் குருதி அவ்வாய்வில் அளக்கப்படவில்லை.

பழையசோற்றுக்கென்றே வேறு சில பண்புகள் உண்டு. இரவு முழுவதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கச்செய்கின்றன. சுவீடன் ஆய்வில் புளிக்காடி செய்த வேலையின் ஒரு பகுதியை இப்புளிப்பும் செய்யக்கூடும். அதனினும் எளிய செய்தி ஒன்று கண்முன்னே இருக்கிறது. ஊறிய பருக்கை பருத்துவிடுகிறது; கிண்ணத்தில் பாதி நீர். அரைக்கிண்ண நீரும் அரைக்கிண்ணச் சோறும் கலந்து உண்டவர், கிண்ணம் நிறைய உண்டதாகவே உணர்கிறார். அவர் உண்ட மாவுச்சத்து, ஒரு தட்டுச் சுடுசோற்றைவிடக் குறைவு. பழையது உண்டால் சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு, உண்மையான காரணம் இதுவே என்பது என் கணிப்பு. கணக்கும் அதற்கு இசைகிறது. 250 கிராம் சோற்றில் கால்பங்கைக் குறைத்தால் 17 கிராம் மாவுச்சத்து குறையும். குளிரவைப்பதால் செரிக்காமல் போவதோ இரண்டரை கிராம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளிடம் பழையசோறு குறித்த ஆய்வு தொடங்கப்பட்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அது குடலின் நலம் பற்றியது. சர்க்கரை பற்றியது அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் பரவலாக இருப்பதால் இங்குக் குறிப்பிட நேர்ந்தது.

வீட்டில் அளந்து பார்ப்பவர் தவறுமிடம்

மீனவர் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தைக்குச் சர்க்கரை நோய். காணொளி ஒன்றைக் கண்ட மகள், வீட்டிலுள்ள சர்க்கரைமானியால் தானே சோதிக்க எண்ணுகிறாள். திங்கட்கிழமை மதியம் சுடுசோறு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 190. செவ்வாய்க்கிழமை காலை பழையசோறு. தந்தை கடலுக்குப் போய்த் திரும்பியபின் பார்த்தால் 170. ‘பார்த்தீர்களா அப்பா, இருபது குறைந்துவிட்டது’ என்கிறாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்த இருபதுக்குப் பல உரிமையாளர்கள் உண்டு. முதலாவது உரிமையாளர் அந்தக் கருவியே. வீட்டுச் சர்க்கரைமானிகளுக்கான உலகத் தரவிதி, ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காடு வரை மேலோ கீழோ விலகுவதை ஏற்கிறது. மெய்யான அளவு 190 ஆனால் கருவி 162 முதல் 218 வரை எதையும் காட்டலாம். 170 ஆனால் 145 முதல் 195 வரை காட்டலாம். இரு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அடுத்த உரிமையாளர் உழைப்பு. வலையிழுக்கும் தசைகள் சர்க்கரையைக் குருதியிலிருந்து நேரே எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது, மதியச் சோற்றையும் காலைச் சோற்றையும் அவள் எடைபோடவில்லை. இன்னும், உண்ட சோற்றின் உச்சம் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் ஆகும்முன்பே வந்து போய்விடும். இரண்டாம் மணியில் மட்டும் அளப்பவர் அதனைக் காண்பதேயில்லை.

சோதனை முறையாக நடக்கவேண்டுமானால், ஒரே அரிசியை ஒரே எடையில், ஒரே குழம்போடு, ஒரே வேளையில், உண்டபின் ஓய்வாக இருந்து, அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம்வரை அளக்கவேண்டும். அதனையும் சுடுசோற்றுக்கு மூன்று நாள், ஆறிய சோற்றுக்கு மூன்று நாள் என மாற்றி மாற்றிச் செய்து சராசரியைப் பார்க்கவேண்டும். மருந்தின் அளவில் கைவைக்கக் கூடாது. சுடுசோற்றின் மூன்று நாள் அளவுகளே தமக்குள் முப்பது வேறுபடுமாயின், ஆறிய சோற்றின் இருபதைப் பெரிதுபடுத்த இயலாது.

ஆறவைப்பதிலும் ஒரு நஞ்சு

குளிரவைத்த சோற்றைப் புகழ்வோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வருபவை; கொதிநீரிலும் பிழைப்பவை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு உண்டான பிறகு, சோற்றை மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. பெரிய பானையில் மூடிவைத்த சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர் சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, வடித்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மறுநாளுக்குள் உண்டுவிட வேண்டும். பழையசோற்றில் புளிப்பு விரைந்து ஏறுவது இப்பாக்டீரியாவுக்குத் தடையாகிறது. நீர் புளிக்காமல், வேறு வாடையோ கொழகொழப்போ தோன்றினால் அதனைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் இந்நஞ்சு நிறத்தாலோ மணத்தாலோ தன்னைக் காட்டிக்கொடுப்பதன்று. ஆதலால் நீரூற்றாமல் இரவு முழுவதும் வெளியே கிடந்த சோற்றை, நல்ல மணம் வீசுகிறது என்பதற்காக உண்பது தகாது. சித்திரை, வைகாசி வெயிலில் முதியவர்க்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது இதில் கூடுதல் கருத்து வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒருவேளைக்கு உண்ணும் சோற்றை எடைபோடுங்கள். அதிலுள்ள மாவுச்சத்தையும், சுடுசோறு, அறை வெப்பத்தில் ஆறிய சோறு, குளிரவைத்துச் சூடாக்கிய சோறு ஆகிய மூன்று நிலைகளிலும் செரிக்காமல் போகும் பகுதியையும் கிராமில் கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிடுக.

2. ‘எதிர்ப்பு மாவுச்சத்து பத்து மடங்கு உயர்ந்தது’, ‘நூறு கிராம் சோற்றில் ஆறு கிராம் கூடியது’ என்னும் இரு தொடர்களையும் படிப்பவர் எவ்வாறு வெவ்வேறாகப் புரிந்துகொள்வார்? பாடத்திலுள்ள எண்களைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.